கோடு யாருடையதோ, பணம் அவருக்கே

(ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் வங்கி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு மோசடியைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்று ஒருவர் படம் அனுப்புகிறார். நாம் ஸ்கேன் செய்கிறோம். வர வேண்டிய பணம் வரவில்லை, நம் கணக்கில் இருந்தது போய்விடுகிறது. வங்கிக்கு ஓடி வருகிறவர்கள் எல்லாரும் சொல்லும் முதல் வாக்கியம், "சார், நான் வாங்கத்தான் ஸ்கேன் பண்ணேன்" என்பதுதான். அவர்கள் சொல்வது உண்மை. வாங்குவதாக நம்பித்தான் செய்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை எந்த இடத்தில், எந்தப் படியில் உண்டாக்கப்படுகிறது என்பதைப் பார்த்துவிட்டால், அடுத்த முறை அந்தப் படியிலேயே நின்றுவிடலாம்.

முதலில் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்துவிடுவோம். பலரும் அதை ஏதோ ஒரு இயந்திரம் போல நினைக்கிறார்கள். அது பணத்தை இழுக்கும், தள்ளும் என்று எண்ணுகிறார்கள். அதற்குள் இருப்பது ஒரு வரி எழுத்து மட்டுமே. யுபிஐ கோடு ஒன்றை எழுத்தாக விரித்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=abcd@bank&pn=Refund%20Dept&am=12000.00&cu=INR&tn=Receive%20Money
```

இதை ஒவ்வொன்றாகப் படிப்போம். தொடக்கத்தில் இருக்கும் `pay` என்பது, இந்தக் கோடு எதற்கு என்று சொல்கிறது: செலுத்துவதற்கு. `pa` என்பது பணம் போய்ச் சேர வேண்டிய யுபிஐ முகவரி. `pn` என்பது பணம் பெறுபவரின் பெயர். `am` என்பது தொகை. `tn` என்பது ஒரு சிறு குறிப்பு.

நம்மில் பெரியவர்களுக்கு இது பழகிய படிவம்தான். அஞ்சலகத்து மணியார்டர் படிவத்தில் பெறுநர் முகவரி, பெயர், தொகை எழுதி, கீழே நாலு வார்த்தை எழுதவும் இடம் இருந்தது. க்யூஆர் கோடு என்பது யாரோ ஒருவர் தன் முகவரியைப் பெறுநர் இடத்தில் எழுதி, தொகையையும் நிரப்பி, உங்கள் கையில் கொடுக்கும் மணியார்டர் படிவம். அனுப்புநர் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. ஸ்கேன் செய்கிறவர் அந்த இடத்தில் தன்னை எழுதிக்கொள்கிறார். அந்தப் படிவத்தைக் கொண்டு யாரும் தனக்குப் பணம் வரவழைத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே உள்ள வரியில் பெயர் என்ற இடத்தில் 'Refund Dept' என்று இருக்கிறது. குறிப்பு என்ற இடத்தில் 'Receive Money' என்று இருக்கிறது. இந்த இரண்டையும் எழுதியது வங்கி இல்லை, கோடைத் தயாரித்தவர். இப்படி ஒரு கோடை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவியில் ஒரு நிமிடத்தில் யாரும் செய்துவிடலாம். குறிப்பில் 'பணம் பெறுக' என்று எழுதினாலும், 'ராணுவ கேன்டீன்' என்று எழுதினாலும், `pay` என்ற முதல் சொல் மாறாது. பணம் போகும் திசையும் மாறாது.

இதிலிருந்து வருகிற விதி ஒன்றுதான். கோடைக் காட்டுகிறவர் வாங்குகிறார். ஸ்கேன் செய்கிறவர் கொடுக்கிறார். மளிகைக் கடையில் தினமும் நடப்பது இதுவே. கடைக்காரர் கோடை வைத்திருக்கிறார், நாம் ஸ்கேன் செய்கிறோம், கடைக்காரருக்குப் பணம் போகிறது. கடைக்காரர் நம் கோடை ஸ்கேன் செய்து நம்மிடம் பணம் வாங்கியதை யாராவது பார்த்திருக்கிறோமா? இல்லை. கடையில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது, பொருளை விற்க நாம் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் ஏன் குழம்பிவிடுகிறது என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

திரும்பத் திரும்ப நடக்கும் படிகளைச் சேர்த்து ஒரு மாதிரி நிகழ்ச்சியாகச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தேக்குக் கட்டில் ஒன்றை விற்பதற்கு, பழைய பொருள்களை வாங்கி விற்கும் தளம் ஒன்றில் விளம்பரம் போடுகிறார். விலை 12,000 ரூபாய். அரை மணி நேரத்தில் அழைப்பு வருகிறது.

"மேடம், கட்டில் இன்னும் இருக்கா? நான் ராணுவத்துல இருக்கேன். இப்பத்தான் இந்த ஊருக்கு மாத்தலாகி வந்தேன். விலை எல்லாம் பேச வேண்டாம், நீங்க சொன்னதே சரி. நாளைக்கு வண்டி அனுப்புறேன், பணத்தை இப்பவே போட்டுடறேன்."

பேரமே பேசாத வாங்குபவர். பொருளை நேரில் வந்து பார்க்கவும் அவர் கேட்கவில்லை. 12,000 ரூபாய்க்குப் பழைய கட்டில் வாங்குகிறவர் அதைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவாரா? முதல் அடையாளம் இங்கேயே இருக்கிறது. ஆனால் விற்பவருக்கு அந்த நேரத்தில் அது நிம்மதியாகத்தான் இருக்கும். தொடர்ந்து வாட்ஸ்அப்பில் சீருடை அணிந்த படமும் அடையாள அட்டையும் வருகின்றன. அந்தப் படமும் அட்டையும் வேறு யாருடையவையாகவும் இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம்.

"எங்க கணக்கு எல்லாம் ராணுவக் கணக்கு மேடம். நேரா நம்பருக்குப் போட முடியாது. கோடு வழியாத்தான் போகும். முதல்ல சோதனைக்கு 5 ரூபாய் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணிப் பாருங்க."

ஒரு கோடு வருகிறது. அதன் மேல் பெரிதாக 'Receive ₹5' என்று எழுதியிருக்கிறது. அது படத்தின் மேல் ஒட்டிய எழுத்து, வேறொன்றும் இல்லை. ஆசிரியை ஸ்கேன் செய்கிறார், பின் எண்ணை அடிக்கிறார். அவர் கணக்கிலிருந்து 5 ரூபாய் போகிறது. அடுத்த சில நொடிகளில் மறுமுனையில் இருப்பவர் தன் கைப்பேசியிலிருந்து 10 ரூபாயைச் சாதாரணமாக அவர் எண்ணுக்கு அனுப்புகிறார். "வந்துச்சா மேடம்? பாருங்க, 10 ரூபாய் வந்திருக்கும்." ஆமாம், வந்திருக்கிறது.

இந்த மோசடியின் இதயம் இந்த 10 ரூபாய்தான். ஆசிரியையின் கைப்பேசியில் இப்போது இரண்டு குறுஞ்செய்திகள் இருக்கின்றன: 5 ரூபாய் கழிக்கப்பட்டது, 10 ரூபாய் வரவு வைக்கப்பட்டது. முதல் செய்தியை அவர் படிக்கவில்லை. இரண்டாவதைப் படித்தார். ஸ்கேன் செய்தால், பின் எண் அடித்தால், பணம் வரும் என்று தன் கண்ணாலேயே பார்த்துவிட்டதாக நம்புகிறார். உண்மையில் நடந்தவை ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு பரிமாற்றங்கள். 10 ரூபாய் வருவதற்கு அவர் எதுவுமே செய்திருக்க வேண்டியதில்லை. 'நேரா நம்பருக்குப் போட முடியாது' என்று சொன்னவர், அந்த 10 ரூபாயை நேராக எண்ணுக்குத்தான் போட்டிருக்கிறார். ஒரு நிமிடம் நிதானித்தால் அவர் சொன்ன பொய் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

நிதானிக்க விடமாட்டார்கள். அழைப்பைத் துண்டிக்காமலே அடுத்த கோடு வருகிறது. இதில் தொகை 12,000. ஸ்கேன், பின் எண். 12,000 போய்விட்டது. ஆசிரியை பதறுகிறார். மறுமுனையில் இருப்பவரும் பதறுவது போலப் பேசுகிறார்: "ஐயோ மேடம், மாத்தி நடந்துடுச்சு. உங்க பணம் எங்க கணக்குல வந்து நிக்குது. கவலைப்படாதீங்க, அந்த 12,000-மும் கட்டில் பணம் 12,000-மும் சேர்த்து 24,000-க்கு ரீஃபண்ட் கோடு அனுப்புறேன். உடனே ஸ்கேன் பண்ணுங்க, தாமதமானா பணம் மாட்டிக்கும்."

ஆசிரியை அதையும் ஸ்கேன் செய்கிறார். இப்படி மீண்டும் ஸ்கேன் செய்வதற்குக் காரணம் பேராசை என்று வெளியிலிருந்து சொல்வார்கள். அது நியாயமில்லை. தொலைத்ததை மீட்க வேண்டும் என்ற தவிப்புதான் அது. அந்தத் தவிப்பு வரும் என்று கணக்குப் போட்டே முதல் 12,000 எடுக்கப்படுகிறது. கணக்கை முடித்துப் பாருங்கள்: போனது 5, பிறகு 12,000, பிறகு 24,000. வந்தது 10. நஷ்டம் 35,995 ரூபாய். கட்டில் வீட்டிலேயே இருக்கிறது.

இப்போது திரைக்கு வருவோம். ஸ்கேன் செய்த மாத்திரத்தில் யுபிஐ-யில் பணம் போவதில்லை. ஸ்கேனுக்கும் பணம் போவதற்கும் இடையில் இரண்டு திரைகள் இருக்கின்றன. தப்பிக்க வேண்டிய இடம் அந்த இரண்டு திரைகள்தான்.

முதல் திரையில் பெறுபவரின் பெயரும் தொகையும் வரும். கீழே 'Pay' என்ற பொத்தான் இருக்கும். தமிழில் வைத்திருந்தால் 'செலுத்து' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கும். அந்தப் பொத்தானை மட்டும் பாருங்கள். படத்தின் மேல் என்ன எழுதியிருந்தாலும், குறிப்பில் என்ன எழுதியிருந்தாலும், செயலியின் பொத்தானைக் கோடு தயாரித்தவரால் மாற்ற முடியாது. பணம் வாங்கப் போகிற ஒருவருக்கு 'Pay' என்ற பொத்தான் ஏன் வர வேண்டும்?

அதே திரையில் பெயரையும் கவனிக்கலாம். 2025 ஜூன் 30-லிருந்து, பணம் அனுப்பும் முன் வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கும் உண்மையான பெயரையே காட்ட வேண்டும் என்று தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் விதித்திருக்கிறது. எனவே கோடுக்குள் 'Refund Dept' என்று எழுதியிருந்தாலும், திரையில் கணக்குக்காரரின் பெயர் வர வேண்டும். தொலைபேசியில் பேசியவர் சொன்ன பெயர் ஒன்று, திரையில் வருவது வேறு என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஆனால் பெயர் பொருந்திவிட்டது என்பதால் மட்டும் நம்பவும் கூடாது. மோசடிக்காரர்கள் பெரும்பாலும் கூலிக்கு வாங்கிய பிறர் கணக்குகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கணக்குக்காரரின் பெயரையே தன் பெயராகத் தொலைபேசியில் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு எத்தனை நேரம் ஆகும்? பெயரைவிட உறுதியான சான்று திசைதான்.

இரண்டாவது திரை, பின் எண் கேட்கும் திரை. நீங்கள் எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும் இந்தப் பக்கம் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு, எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்று மேலே வரும். 4 இலக்கமோ 6 இலக்கமோ கொண்ட அந்தப் பின் எண், உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போக நீங்கள் கொடுக்கும் சம்மதம். கணக்கின் இருப்பைப் பார்க்கவும் அதைக் கேட்பார்கள். மாதாமாதம் தானாகப் பணம் கழித்துக்கொள்ள ஒப்புதல் தரவும் கேட்பார்கள். பணம் பெறுவதற்கு மட்டும் ஒருபோதும் கேட்பதில்லை. உங்களுக்குப் பணம் வரும்போது உங்கள் கைப்பேசி அணைந்திருக்கலாம், சட்டைப் பையில் கிடக்கலாம், நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கலாம். பணம் கணக்கில் வந்து விழும்.

'பின் எண் அடிக்காதவரை பயமில்லை' என்று சுருக்கமாகச் சொல்லிவிட முடியுமா என்று சிலர் கேட்பார்கள். இன்றைக்கு அந்த விதி முழுதாகப் போதாது. யுபிஐ லைட் என்ற வசதியை வைத்திருப்பவர்களுக்கு 1,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே போகும். மேலே சொன்ன 5 ரூபாய் சோதனை அவர்களிடம் பின் எண் கேட்காமலே முடிந்துவிடும். ஸ்கேன் மட்டும் செய்தால் பணம் வருகிறது என்ற நம்பிக்கை இன்னும் ஆழமாகப் பதியும். இப்போது கைரேகையாலும் முகத்தாலும் பணம் அனுப்பும் வசதியும் வந்திருக்கிறது. விரலை வைப்பதும் பின் எண்ணைப் போன்ற சம்மதம்தான். ஆகவே பின் எண்ணுக்காகக் காத்திருக்காமல், ஸ்கேன் செய்யச் சொல்லும்போதே நிறுத்திவிடுவது நல்லது.

'சில நேரம் ஸ்கேன் செய்தால் பணம் கிடைக்கிறதே?' என்று ஒரு கேள்வி எழலாம். ஏடிஎம் திரையில் வரும் கோடை ஸ்கேன் செய்து, அட்டை இல்லாமல் ரொக்கம் எடுக்கிறோம். அங்கும் விதி மாறவில்லை. கையில் ரொக்கம் வருகிறது, கணக்கில் அதே தொகை கழிகிறது. கோடைக் காட்டிய இயந்திரம் கணக்குப் பணத்தை வாங்கிக்கொண்டு தாள்களைத் தருகிறது.

கோடு இல்லாமலும் இதே வேலை நடந்துகொண்டிருந்தது. 2016-ல் யுபிஐ வந்தபோதே, ஒருவரிடம் பணம் கேட்டு வேண்டுகோள் அனுப்பும் வசதியும் அதில் இருந்தது. நண்பரிடம் பங்குத் தொகை கேட்க உதவும் என்று வைத்தது. 'உங்களுக்கு 5,000 ரூபாய் வந்திருக்கிறது, ஒப்புதல் கொடுங்கள்' என்று பொய் சொல்லி அதை மோசடிக்கு வளைத்தார்கள். அதனால் 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபருக்கு அப்படி வேண்டுகோள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். வணிக நிறுவனங்களுக்கு மட்டும் அது தொடர்கிறது. ஒரு வழியை அமைப்பு அடைத்துவிட்டது. கோடை அப்படி அடைக்க முடியாது. டீக்கடை முதல் மருந்துக்கடை வரை அதே கோடுதான் நல்ல வேலைக்கும் பயன்படுகிறது. நல்ல கோடுக்கும் மோசடிக் கோடுக்கும் உள்ளே எழுத்தில் வேறுபாடு கிடையாது. அதை நம் கையில் கொடுப்பவர் சொல்லும் கதையில்தான் வேறுபாடு.

பணம் போய்விட்டால் என்ன செய்வது? முதலில், அந்த அழைப்பைத் துண்டியுங்கள். 'ரீஃபண்ட்' என்று வருகிற எந்தக் கோடையும் தொடாதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். நிதி சார்ந்த இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. cybercrime.gov.in என்ற தளத்திலும் புகாரைப் பதியலாம். கையோடு உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்க வேண்டாம். அங்கும் போலி எண்கள் உண்டு. பாஸ்புக்கிலோ டெபிட் கார்டின் பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணை அழையுங்கள்.

புகார் கொடுக்கும்போது கேட்கப்படும் முக்கியமான தகவல், பரிமாற்றத்தின் 12 இலக்க எண். செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்தால் 'UTR' அல்லது 'UPI transaction ID' என்ற பெயரில் இருக்கும். பணம் போன கணக்கை அதை வைத்துத்தான் தேடுவார்கள். அனுப்பிய கோடின் படம், வாட்ஸ்அப் உரையாடல், அழைத்த எண் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். வெட்கத்தினால் உரையாடலை அழித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அந்தக் கோடுக்குள்தான் பணம் போன முகவரி எழுதப்பட்டிருக்கிறது. படத்தை அழித்தால் அந்தச் சான்றும் போய்விடும்.

இவ்வளவு அவசரம் எதற்கு? போன பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. சில நிமிடங்களில் இரண்டாவது கணக்குக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் பிரிந்து, கடைசியில் ரொக்கமாக எடுக்கப்படுகிறது. புகார் முந்திக்கொண்டால், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே அதை முடக்கிவைக்க வங்கியால் முடியும். ரொக்கமாக எடுத்துவிட்ட பிறகு முடக்குவதற்கு எதுவும் இருக்காது. 'மகன் சாயங்காலம் வந்ததும் சொல்லலாம்' என்று காத்திருப்பதுதான் இதில் அதிகம் இழக்க வைக்கிறது.

ஒரு வரம்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் பொறுப்புக்கு வரம்பு வைத்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளைக் காட்டி, "மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் கிடைக்குமாமே" என்று கேட்பவர்கள் உண்டு. வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல், வேறெங்கோ நேர்ந்த கோளாறால் பணம் போனால் அந்த மூன்று நாள் பாதுகாப்பு உண்டு. இங்கே பின் எண்ணை அடித்தது கணக்குக்காரரே. ஏமாற்றப்பட்டுத்தான் அடித்தார் என்றாலும், வங்கியின் ஏட்டில் அது அவர் சம்மதித்த பரிமாற்றமாகவே நிற்கும். இதனால் வங்கி பணம் தரும் என்று நம்பியிருக்க முடியாது. முடக்கப்பட்ட பணம் திரும்பி வந்தால்தான் உண்டு.

கடைசியாக, நீங்கள் ஒரு பொருளை விற்கும்போது, வாடகை முன்பணம் வாங்கும்போது, யாரோ உங்களுக்குப் பணம் தர வேண்டியிருக்கும்போது என்ன சொல்வது என்று வீட்டில் எல்லாரும் பழகிக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் கோடு அனுப்புகிறேன் என்றால், கோபப்பட வேண்டாம், வாதாட வேண்டாம். "நீங்க அனுப்ப வேண்டாம் சார், என் கோடை நான் அனுப்புறேன், நீங்க ஸ்கேன் பண்ணுங்க. இல்லைன்னா என் நம்பருக்கே போட்டுடுங்க" என்று சொல்லுங்கள். உண்மையாகவே பணம் தருகிறவருக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை; உங்கள் எண்ணையோ கோடையோ வைத்து நொடியில் அனுப்பிவிடுவார். மோசடிக்காரரால் இதற்கு மட்டும் சரி என்று சொல்ல முடியாது. ராணுவக் கணக்கு, கம்பெனிக் கணக்கு, சர்வர் கோளாறு என்று ஏதாவது ஒரு காரணம் சொல்வார். அந்தக் காரணம் வந்ததுமே உங்களுக்கு விடை தெரிந்துவிடும். அழைப்பைத் துண்டித்துவிட்டு, கட்டிலை வேறொருவருக்கு விற்கலாம்.